‘வந்தார்கள், பார்த்தார்கள்’: சாட்ஸ்வொர்த் வாடகைக் கடிதம் ஒன்றைத் திருத்திய விதம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் வீட்டுக்காரர் முன்வீட்டில் இருப்பார், வாடகைக்கு இருப்பவர்கள் அதே வளவின் பின்னாலுள்ள அவுட்பில்டிங்கில் இருப்பார்கள். காலையில் கேட்டருகே பார்த்துக்கொள்கிறவர்கள், ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். அதனால் பழுது பற்றிய பேச்செல்லாம் வாய்வார்த்தையாகவே நடக்கும். எழுத்தில் கேட்கவேண்டி வரும்போது கோபமும் கூச்சமும் ஒரே தாளில் வந்து விழும்.

அப்படி ஒரு கடிதத்தை எடுத்து, வரி வரியாகத் திருத்திக் காட்டுகிறோம். பல கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் பிழைகளைச் சேர்த்துப் பயிற்சிக்காக அமைத்த கடிதம் இது. முதலில் தமிழில் எழுதி, பிறகு வீட்டுப் பிள்ளை ஆங்கிலத்துக்கு மாற்றித் தரப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பிழைகள் தமிழ் வரைவிலேயே உட்கார்ந்திருக்கும். ஆங்கிலத்துக்குப் போன பிறகு அவை பிழையாகத் தெரியாமல் உண்மைபோல் நின்றுவிடும். ஆகவே திருத்தத்தைத் தமிழிலேயே முடித்துவிட வேண்டும்.

வரைவு இது:

“அன்புள்ள அங்கிள், வணக்கம். நாங்கள் குடிவந்ததிலிருந்து பாத்ரூம் சீலிங் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ஒன்றரை மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மார்ச் 14 சனிக்கிழமை வந்தார்கள், பார்த்தார்கள், சரியாகிவிட்டது. மறுபடியும் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் கொட்டுகிறது. கீசர் வெடித்துவிட்டது என்று நினைக்கிறோம். கரண்டும் அடிக்கடி போகிறது. குழந்தைகளை வைத்துக்கொண்டு ரொம்பக் கஷ்டப்படுகிறோம். கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள். திருவிழாவுக்கு முன்னால் முடித்துக் கொடுத்தால் நல்லது. இல்லாவிட்டால் அடுத்த மாத வாடகையைப் பிடித்துக்கொள்வோம்.”

மனம் திறந்து எழுதிய கடிதம்தான். ஆனால் இதை வைத்து பிளம்பர் வேலை தொடங்க முடியாது. நாளைக்குத் தகராறு வந்தால் எழுதியவர்களுக்கே எதிராக இது நிற்கும்.

காலண்டரும் கைப்பேசியும்

முதல் வாசிப்பில் நடையைத் தொடவே கூடாது. பக்கத்தில் 2025ஆம் ஆண்டுக் காலண்டர், வாட்ஸ்அப் உரையாடல், வாடகை ஒப்பந்தம், குடிவந்த அன்று இரு தரப்பும் கையெழுத்திட்ட வீட்டுப் பரிசோதனைப் பட்டியல் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். கடிதத்தில் காலம் குறிக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே கோடிட்டு, இந்த நான்கில் எது அதற்குச் சாட்சி என்று ஓரத்தில் எழுதுங்கள். சாட்சி இல்லாத காலச்சொல் கடிதத்தில் தங்கக் கூடாது.

‘மார்ச் 14 சனிக்கிழமை’யில் உடனே தட்டும். அந்த 14 வெள்ளிக்கிழமை. தேதி தவறா, கிழமை தவறா? வாட்ஸ்அப்பைத் திறந்தால், பிளம்பர் வந்துகொண்டிருக்கிறார் என்று வீட்டுக்காரர் அனுப்பிய செய்தி 15ஆம் தேதி காலையில் இருக்கிறது. கிழமை சரி, தேதிதான் பிசகியது. இதனால்தான் ஒவ்வொரு தேதியோடும் கிழமையையும் சேர்த்து எழுதச் சொல்கிறோம். ஒன்று தவறினால் மற்றது காட்டிக்கொடுக்கும்.

‘ஒன்றரை மாதமாக’ என்பதை நாளாக எண்ணிப் பாருங்கள். கறையை முதலில் பார்த்து வாயால் சொன்னது 3 மார்ச் திங்கட்கிழமை. கடிதம் எழுதும் நாள் 7 ஏப்ரல் திங்கட்கிழமை. இடையில் 35 நாள், சரியாக ஐந்து வாரம். மிகைப்படுத்த எண்ணியவர் யாருமில்லை, கஷ்டப்படுகிற நாள் நீளமாகத்தான் தெரியும். ஆனால் பத்து நாள் கூடிப்போனதை எதிர்த்தரப்பு கண்டுபிடித்துவிட்டால், மிச்சமுள்ள உண்மைகளையும் அதே கண்ணால்தான் பார்க்கும்.

இந்த வரைவில் மிக ஆபத்தான காலச்சொல் ‘குடிவந்ததிலிருந்து’. குடிவந்தது 1 பிப்ரவரி 2025. அன்றைய பரிசோதனைப் பட்டியலில் ‘குளியலறைக் கூரை: குறை இல்லை’ என்று இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்கிறது. தென்னாப்பிரிக்க வாடகை வீட்டுச் சட்டம் (1999ஆம் ஆண்டின் 50ஆம் எண் சட்டம்) குடிவரும்போது இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்க்கவேண்டும் என்கிறது. காலி செய்யும்போது டெபாசிட்டில் எதைப் பிடிக்கலாம் என்ற பேச்சு அந்தப் பட்டியலை வைத்துத்தான் நடக்கும். கடிதம் ஒன்று சொல்லி, பட்டியல் வேறொன்று சொன்னால் பட்டியலின் மதிப்பை நீங்களே குறைத்ததாகும். உண்மையோ உங்களுக்குச் சாதகமானது: பிப்ரவரியில் கூரை நன்றாக இருந்தது, மார்ச் 3 அன்று கறை தெரிந்தது. அதை அப்படியே எழுதினால் போதும்.

தேதியை எழுதும் முறையும் கவனிக்கத்தக்கது. 07/04 என்றால் ஏப்ரல் 7 என்றுதான் நம்மில் பலர் படிப்போம். சில கைப்பேசிகளும் மென்பொருள்களும் அதை ஜூலை 4 ஆக்கிவிடும். இந்நாட்டு அரசுப் படிவங்களிலோ பெரும்பாலும் ஆண்டு முதலில் வரும். மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

யார் வந்தார்கள்?

தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நடக்கும். ‘சொன்னோம், வரவில்லை’ என்றால் நமக்குப் புரிகிறது. அதோடு மரியாதைப் பன்மையும் உண்டு. ‘வந்தார்கள், பார்த்தார்கள்’ என்பது வீட்டுக்காரர் ஒருவராக இருக்கலாம், பிளம்பரும் உதவியாளுமாக இருக்கலாம், முன்வீட்டு ஆன்ட்டியாகவும் இருக்கலாம். ஆங்கிலத்துக்கு மாற்றுகிற பிள்ளை இதைப் பலர் வந்ததாக எழுதும். ‘சரியாகிவிட்டது’ என்பதை ‘சரிசெய்துவிட்டார்கள்’ என்று மாற்றும். இப்போது கடிதம் என்ன சொல்கிறது? வீட்டுக்காரர் ஆட்களை அனுப்பி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார் என்று வாடகைக்கு இருப்பவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

நடந்தது வேறு. 15 மார்ச் சனிக்கிழமை வீட்டுக்காரர் அனுப்பிய பிளம்பர் ஒருவர் மட்டும் வந்தார். வீட்டுக்காரர் உடன் இல்லை. பிளம்பர் கூரைக்குள் ஏறி, கீசரின் வால்வை இறுக்கிவிட்டதாக வாயால் சொன்னார். எழுத்தில் எதுவும் தரவில்லை. 29 மார்ச் சனிக்கிழமை அதே இடத்தில் மறுபடி ஒழுகியது.

இரண்டாம் வாசிப்பில் ஒவ்வொரு வினைமுற்றையும் நிறுத்தி ‘யார்?’ என்று கேளுங்கள். சொன்னது யார், யாரிடம், வாயாலா எழுத்தாலா? ‘சரியாகிவிட்டது’ போன்ற தீர்ப்பை யார் வாயில் வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். பிளம்பர் சொன்னதாக எழுதலாம், நீங்கள் சொல்வதாக எழுதக் கூடாது. இந்தக் கேள்வி ஒன்றுக்காக மட்டும் கடிதத்தை முழுதாக ஒருமுறை படிப்பது வீண்வேலை அல்ல. நாங்கள் பார்க்கும் வரைவுகளில் மிகப் பெரிய சேதம் இங்கேதான் நடக்கிறது.

பார்த்ததை எழுதுவது

‘கீசர் வெடித்துவிட்டது’ என்பது நோயறிதல், காட்சி அல்ல. தென்னாப்பிரிக்காவில் அது இன்சூரன்ஸ் பாஷையும்கூட. வீட்டுக் காப்பீட்டில் கீசர் வெடிப்புக்கு ஒரு விதி, மெல்ல மெல்லக் கசிந்து வந்த சேதத்துக்கு வேறு விதி என்று பல பாலிசிகள் பிரிக்கின்றன. வீட்டுக்காரர் உங்கள் கடிதத்தையே கம்பெனிக்கு அனுப்பக்கூடும். நீங்கள் கூரைக்குள் ஏறிப் பார்க்கவில்லை, ஏறவும் கூடாது. ஆகவே தெரிவதை மட்டும் எழுதுங்கள்: குளியலறைக் கூரைப் பலகையில், ஷவருக்கு மேலே, சுமார் 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள பழுப்புக் கறை, நடுவில் பலகை கீழ்நோக்கி வளைந்திருக்கிறது, அங்கிருந்து சொட்டுகிறது.

எவ்வளவு சொட்டுகிறது? ‘பக்கெட் பக்கெட்டாக’ என்பதை அளவாக மாற்ற ஒரு பக்கெட்டும் இரண்டு லிட்டர் பால் பாட்டிலும் போதும். 5 ஏப்ரல் இரவு 9 மணிக்குக் காலி பக்கெட்டைச் சொட்டுகிற இடத்துக்கு நேர்கீழே வைத்தார்கள். மறுநாள் காலை 6 மணிக்கு அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி அளந்தார்கள். ஒரு பாட்டில் நிறைந்து, இன்னொன்றில் கால் பங்கு வந்தது. ஒன்பது மணி நேரத்தில் சுமார் இரண்டரை லிட்டர். பாட்டில்களைத் தரையில் வரிசையாக வைத்து ஒரு படமும் எடுத்தாயிற்று. இந்த ஒரு வரியை யாரும் மிகை என்று சொல்ல முடியாது. பிளம்பருக்கும் இது ஏதோ ஒரு நாள் சிந்திய தண்ணீர் இல்லை, விடாத கசிவு என்று படித்தவுடன் தெரியும்.

‘கரண்டு அடிக்கடி போகிறது’ என்பது இந்த நாட்டில் அர்த்தமே இல்லாத வரி. படிப்பவர் லோட் ஷெடிங் என்று நினைப்பார், தெரு முழுக்கப் போனதென்று நினைப்பார், பிரீபெய்டு மீட்டரில் யூனிட் தீர்ந்துவிட்டது என்றும் நினைப்பார். இந்த மூன்றும் இல்லை என்று கடிதமே காட்ட வேண்டும். விசாரித்துப் பார்த்தால் ‘அடிக்கடி’ என்பது இரண்டு முறைதான். 2 ஏப்ரல் புதன்கிழமை காலை 6.10க்கும் மாலை 6.40க்கும் டிபி போர்டில் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுந்தது. இரண்டு முறையும் முன்வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, மீட்டரில் யூனிட் இருந்தது. அன்று மாலை கீசருக்குரிய பிரேக்கரை அணைத்தார்கள். அதற்குப் பிறகு சுவிட்ச் விழவே இல்லை.

அந்தக் கடைசி வாக்கியம் வரைவில் இல்லவே இல்லை. எழுதியவருக்கு அது கஷ்டத்தோடு சேர்ந்த ஒரு சின்ன விஷயம். எலெக்ட்ரீஷியனுக்கோ அதுதான் முதல் துப்பு. எர்த் லீக்கேஜ் என்பது போகவேண்டிய வழியை விட்டு மின்சாரம் பூமிக்குக் கசியும்போது இணைப்பைத் துண்டிக்கிற காவல். வீடுகளில் அது வழக்கமாக 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள்ளேயே விழும்படி அமைந்திருக்கும். கீசரை அணைத்தால் விழவில்லை என்றால் கீசரையோ அதன் வயரிங்கையோ முதலில் பார்க்கவேண்டும். ஆனால் கடிதத்தில் ‘கீசரில் ஷார்ட்’ என்று நீங்கள் முடிவு எழுத வேண்டாம். நடந்த வரிசையை எழுதினாலே போதும். அதோடு, 2 ஏப்ரலிலிருந்து வீட்டில் வெந்நீர் இல்லை என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. ‘ரொம்பக் கஷ்டப்படுகிறோம்’ என்பதற்குப் பதிலாக அந்த வாக்கியம் வரட்டும். குழந்தைகள் இருப்பதைச் சொல்வதும் தப்பில்லை, ஒருமுறை சொன்னால் போதும்.

படங்களைப் பற்றி ஒன்று. வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பிய படத்தில், எடுத்த நேரம் பற்றிய உள்விவரம் பொதுவாகத் தங்காது. கைப்பேசியில் இருக்கும் மூலப்படத்தை அழிக்காமல் வைத்து, கடிதத்தில் ‘படம் 1, 3 மார்ச்’ என்று எண்ணிட்டு இணைக்கவும். எண்ணும் படமும் ஒத்துப்போகின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.

எந்தத் திருவிழா?

‘திருவிழாவுக்கு முன்னால்’ என்று எழுதியவர் மனதில் சித்திரைப் புத்தாண்டு இருந்தது, 14 ஏப்ரல். படிக்கிற வீட்டுக்காரர் புனித வெள்ளியை நினைப்பார். அன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் பெருங்கூட்டம் போகும் நாள், 2025இல் அது 18 ஏப்ரல். ‘அடுத்த வெள்ளி’, ‘இந்த மாதக் கடைசி’ எல்லாம் இதே சாதி. கெடு என்றால் கிழமை, தேதி, மணி மூன்றும் வேண்டும்.

எத்தனை நாள் கொடுப்பது? முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். இந்த ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவு, எழுத்தில் அறிவித்த நாளிலிருந்து 14 நாளில் வீட்டுக்காரர் பழுதுபார்க்கவேண்டும் என்கிறது. 7 ஏப்ரல் அன்று கடிதம் கையில் கிடைத்தால் 14ஆம் நாள் 21 ஏப்ரல் திங்கள். அது ஈஸ்டரை அடுத்த குடும்ப தினம், பொது விடுமுறை. அன்று பிளம்பர் கிடைப்பது கடினம். ஆகவே 22 ஏப்ரல் செவ்வாய் மாலை 5 மணி என்று வைக்கிறோம். ஒரு நாள் தள்ளிக் கொடுத்ததால் கடிதத்தின் வலு குறையாது. காலண்டரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று தெரியும்.

‘வேலை நாள்’ என்ற சொல்லை யோசிக்காமல் போடாதீர்கள். 7 ஏப்ரலுக்கு அடுத்த நாளிலிருந்து 10 வேலை நாள் எண்ணினால் புனித வெள்ளியையும் குடும்ப தினத்தையும் தாண்டி 23 ஏப்ரலில் போய் நிற்கும். 20 வேலை நாள் என்றால், 27 ஏப்ரல் சுதந்திர தினம் ஞாயிறாக வந்ததால் 28 திங்களும் விடுமுறை, 1 மே தொழிலாளர் தினமும் விடுமுறை, கடைசியில் 9 மே வெள்ளி. ஒப்பந்தம் வெறும் நாள் என்றால் நாள், வேலை நாள் என்றால் வேலை நாள். மாற்றி எழுதினால் உங்கள் உரிமையை நீங்களே தள்ளிப்போட்டதாகிவிடும்.

மின்சார விஷயம் 14 நாள் காத்திருக்கக் கூடாது. அதற்கு 9 ஏப்ரல் புதன் மாலை 5 மணிக்குள் பதிவுபெற்ற எலெக்ட்ரீஷியனை அனுப்பக் கேட்கிறோம். இங்கே சொல்லைக் கவனிக்கவேண்டும். இரண்டு நாள் என்று ஒப்பந்தத்தில் இல்லை. ‘ஒப்பந்தப்படி’ என்று எழுதினால் அது பொய். ‘ஆபத்து இருப்பதால் கேட்டுக்கொள்கிறோம்’ என்றால் உண்மை, அழுத்தமும் குறையவில்லை.

பணிவும் உறுதியும்

‘கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்’ என்பதை நம்மூர்க் காது பணிவாகக் கேட்கும். கடிதமாகப் படித்தால் அதில் கோரிக்கை எதுவும் இல்லை. எதைச் செய்யவேண்டும், எப்போது என்று இல்லாத வாக்கியத்துக்கு ‘சரி, பார்க்கலாம்’ என்ற பதில் போதுமானதாகிவிடுகிறது. பணிவைக் கோரிக்கையிலிருந்து பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘அங்கிள்’ என்று அழைப்பதிலும், பிளம்பரை அனுப்பியதற்கு நன்றி சொல்வதிலும், வேலையாட்கள் வர எந்த நேரம் வசதி என்று எழுதுவதிலும் பணிவு இருக்கட்டும். கோரிக்கை வாக்கியம் நேராக நிற்கட்டும்.

வாடகையைப் பிடித்துக்கொள்வோம் என்ற வரியை அடித்தே ஆகவேண்டும். பழுதுபார்க்காத வீட்டுக்காரர் மேல் இருந்த குறை, வாடகை நின்ற அன்றே உங்கள் மேல் திரும்பிவிடும். ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆவீர்கள். வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில், அதாவது ரென்டல் டிரிப்யூனலில், முறையிட்டால் தீர்ப்பு வரும்வரை அல்லது மூன்று மாதம் முடியும்வரை, எது முந்தியதோ அதுவரை, வீட்டுக்காரர் உங்களை வெளியேற்றக் கூடாது, தேவையான பராமரிப்பையும் செய்யவேண்டும் என்று சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. அதே பிரிவு வாடகையைத் தொடர்ந்து கட்டவேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே மிரட்டல் இருந்த இடத்தில் இரண்டு வாக்கியம் வருகிறது: வாடகை வழக்கம்போல் வரும்; வேலை நடக்காவிட்டால் தீர்ப்பாயத்தில் முறையிடுவோம். அங்கே முறையிடக் கட்டணம் கிடையாது.

திருத்திய கடிதம்:

“7 ஏப்ரல் 2025, திங்கள்

பொருள்: பின்வீட்டுக் குளியலறைக் கூரை ஒழுகுவதும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுவதும். 22 ஏப்ரல் 2025க்குள் பழுதுபார்க்கக் கோரிக்கை.

அன்புள்ள அங்கிள், வணக்கம்.

1 பிப்ரவரி 2025 அன்று நாம் சேர்ந்து பார்த்தபோது குளியலறைக் கூரையில் குறை இல்லை. 3 மார்ச் திங்கட்கிழமை ஷவருக்கு மேலே கறையைப் பார்த்து அன்று மாலை உங்களிடம் நேரில் சொன்னேன். 10 மார்ச் திங்கட்கிழமை வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். 15 மார்ச் சனிக்கிழமை நீங்கள் அனுப்பிய பிளம்பர் வந்து, கீசர் வால்வை இறுக்கியதாக என் மனைவியிடம் சொன்னார். அவரை அனுப்பியதற்கு நன்றி. 29 மார்ச் சனிக்கிழமை அதே இடத்தில் மறுபடி ஒழுகத் தொடங்கியது.

இப்போது கறை சுமார் 60 செ.மீ.க்கு 40 செ.மீ. இருக்கிறது, பலகை நடுவில் வளைந்திருக்கிறது. 5 ஏப்ரல் இரவு 9 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை சுமார் இரண்டரை லிட்டர் தண்ணீர் சொட்டியது. 2 ஏப்ரல் புதன்கிழமை காலை 6.10க்கும் மாலை 6.40க்கும் எங்கள் டிபி போர்டில் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுந்தது. அப்போது முன்வீட்டில் மின்சாரம் இருந்தது, எங்கள் மீட்டரில் யூனிட்டும் இருந்தது. அன்று மாலை கீசர் பிரேக்கரை அணைத்தோம், பிறகு சுவிட்ச் விழவில்லை. அன்றிலிருந்து எங்களுக்கும் குழந்தைகளுக்கும் வெந்நீர் இல்லை.

தண்ணீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால், 9 ஏப்ரல் புதன் மாலை 5 மணிக்குள் பதிவுபெற்ற எலெக்ட்ரீஷியனை அனுப்பி, அவர் கண்டதை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். ஒழுகலையும் கூரைப் பலகையையும் ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவின்படி 22 ஏப்ரல் செவ்வாய் மாலை 5 மணிக்குள் சரிசெய்து தரவேண்டும். 21 விடுமுறை என்பதால் 22 என்று எழுதியிருக்கிறோம். வார நாட்களில் மாலை 4.30க்குப் பிறகும் சனிக்கிழமை காலையிலும் வீட்டில் இருப்போம். வேறு நேரம் என்றால் முதல் நாள் சொன்னால் ஏற்பாடு செய்வோம்.

வாடகையை வழக்கம்போல் கட்டுவோம். 22 ஏப்ரலுக்குள் வேலை முடியாவிட்டால் குவாசூலு-நட்டால் வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் முறையிடுவோம்.

இணைப்பு: படங்கள் 1 முதல் 4 வரை.”

இதை ஆங்கிலத்துக்கு மாற்றிய பிறகு தேதி, எண், பிரிவு எண் மட்டும் இரண்டு தாளிலும் ஒத்திருக்கின்றனவா என்று ஒருவர் வாசிக்க, இன்னொருவர் விரல் வைத்துப் பார்க்கட்டும். பிறகு, அறிவிப்புகளை எங்கே கொடுக்கவேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிற முகவரியில் கையில் கொடுத்து, உங்கள் பிரதியில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வீட்டுக்காரர் ஊரில் இல்லாமல் கடிதம் 9ஆம் தேதிதான் அவர் கைக்குப் போகிறது என்றால், 14 நாள் 23 ஏப்ரலில் முடியும், கடிதத்தில் இருக்கிற 22 குறைவாகிவிடும். அப்போது தலைப்பிலும் கோரிக்கையிலும் கடைசிப் பத்தியிலுமாக மூன்று இடத்தில் 22ஐ மாற்றவேண்டும். 21 விடுமுறை என்று காரணம் சொல்லும் வாக்கியத்தை எடுத்துவிட வேண்டும். எலெக்ட்ரீஷியனுக்குக் கொடுத்த 9ஆம் தேதியும் 11 வெள்ளிக்கு நகரவேண்டும்.